இரண்டு தென்மலைகள்

நம் பக்கத்தில் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் நிறைய உண்டு. புதூர், புதுப்பட்டி, சுப்பிரமணியபுரம் என்று சொன்னால் எந்த ஊர் என்று அடுத்த கேள்வி கேட்டாக வேண்டும். நாற்பது வருஷம் ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரித்தவன் என்பதால் இந்தப் பெயர்க் குழப்பத்தோடு எனக்குப் பழக்கம் அதிகம். பிரிக்கிறவன் முன்னால் புறாக்கூண்டு மாதிரி மரக்கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஊர். கையில் இருக்கும் கடிதம் எந்தக் கட்டத்துக்குள் விழுகிறதோ, அந்த ஊருக்குத்தான் போகும். ஒரு கட்டம் தள்ளி விழுந்தால் வேறு மாநிலத்துக்கே போய்விடும்.

பின்கோடு வந்ததே இதற்காகத்தான். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். முதல் மூன்றும் சேர்ந்தால் எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று தெரிந்துவிடும். சங்கரன்கோவிலுக்கு 627756. இந்த 627 திருநெல்வேலிப் பகுதி. தென்காசி தனி மாவட்டமாகி 2019க்குப் பிறகும் நமக்கு அதே 627தான். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம் என்றால் 691. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் சொல்ல வந்தது தென்மலை பற்றி. தென்மலையும் இரண்டு. ஒன்று செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டி கேரளத்தில் இருக்கிறது. அணை, காடு, ரயில் பாதை என்று சுற்றுலாக்காரர்கள் போகிற இடம். இன்னொன்று நம் சிவகிரிப் பக்கத்துத் தென்மலை. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தேவதானம் ஆகாயம் என்கிற பஞ்சபூதத் தலங்களில் வாயுத் தலம் இந்தத் தென்மலை. சிவராத்திரிக்கு ஐந்தையும் ஒரே சுற்றில் பார்த்து வருகிறவர்கள் நம் ஊரில் பலர் உண்டு.

என் நண்பனும் நானும் கேரளத்துத் தென்மலைக்குப் போக முதன்முதலில் திட்டம் போட்டது 1971இல். எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த கோடை அது. எங்கள் தமிழய்யா எங்கள் இருவருக்கும் சங்கன், பதுமன் என்று பெயர் வைத்திருந்தார். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டை போட்ட நாகராஜாக்களின் கதை நம் கோயில் தலபுராணத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் சண்டை போட்டது சிவாஜியா எம்.ஜி.ஆரா என்று. நான் சங்கன், அவன் பதுமன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

பதுமனுக்கு ரயில் பைத்தியம். செங்கோட்டையிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் ஏறி, மலைக்குகைக்குள் புகுந்து, கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி ஊர்ந்து போவதைப் பார்க்க வேண்டும், தென்மலையில் இறங்கி இரண்டு நாள் சுற்ற வேண்டும் என்பது அவன் போட்ட திட்டம். ஆளுக்கு இருபது ரூபாய் சேர்த்து வைத்திருந்தோம். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அவன் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. அவனை வளர்த்ததெல்லாம் பத்து வயது மூத்த அக்காதான். துஷ்டி முடிந்ததும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படித்துவிட்டு அவன் பம்பாய்க்கு ரயில் ஏறினான். நான் தபால் இலாகாவில் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு இன்லேண்ட் கடிதம். ஒவ்வொன்றிலும் கடைசி வரி, ‘அடுத்த ஆனியில் தென்மலை’. பிள்ளைகளின் பரீட்சை, மாமியார் ஆபரேஷன், வீடு கட்டியது என்று ஒவ்வொரு ஆனியும் போனது. 2010 செப்டம்பரில் அந்த மீட்டர் கேஜ் வண்டியையே நிறுத்தினார்கள். அகலப்பாதையாக மாற்றி 2018இல் திறந்தார்கள். அவன் மனைவி அதற்கு முந்தின வருஷம் காலமாகியிருந்தாள். ஒருவழியாக 2024 ஆனியில், எங்களுக்கு எழுபது வயது ஆனபோது, அவன் டோம்பிவிலியிலிருந்து வந்து சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கினான். தென்மலையில் இரண்டு நாளுக்கு அறை எடுத்திருந்தோம். முட்டி வலிக்காரன் என்பதால் போகும்போது கார், அங்கே போய் ஒரு ஸ்டேஷன் தூரமாவது ரயில் என்று ஏற்பாடு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பதுமனின் அக்கா வாழ்க்கைப்பட்டது நம் சிவகிரிப் பக்கத்துத் தென்மலையில். 1994இல் சங்கரன்கோவில் பூர்வீக வீட்டை விற்றபோது அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது. கிரயத் தொகையை அத்தான் குறைத்துச் சொன்னார் என்பது இவன் கட்சி. அப்பா வைத்துவிட்டுப் போன கடனை அடைத்தது யார் என்பது அவர்கள் கட்சி. 2005இல் மகள் கல்யாணத்துக்கு இவன் பத்திரிகை அனுப்பியும் அக்கா வரவில்லை. நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்த பிறகு, “இனிமே அந்தப் பேச்சை எடுக்காதடே” என்றான். நானும் எடுக்கவில்லை. இத்தனை வருஷம் ‘தென்மலை, தென்மலை’ என்று நாங்கள் பேசிக்கொண்டதில் எந்தத் தென்மலை என்று இருவரும் கேட்டதே இல்லை.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வண்டி ஓட்டிய தம்பி தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், இந்த ஏரியா புதிது. புளியங்குடி வரைக்கும் நான் வழி சொன்னேன். அங்கே எலுமிச்சைச் சந்தைக்கு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு கடையில் காப்பி குடித்தோம். தம்பி செல்போனை எடுத்து, “தென்மலைதான சார்?” என்று கேட்டுவிட்டு, அதையே போனில் சொன்னான். வண்டி கிளம்பியது.

புளியங்குடியில் மதுரை–கொல்லம் பெரிய ரோடு வடக்கு தெற்காகப் போகிறது. சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே போகிறவர்கள் தென்காசிக்கு இடது கைப்பக்கம் திரும்ப வேண்டும். தம்பி வலது கைப்பக்கம் திரும்பினான். பின்சீட்டில் நாங்கள் தமிழய்யாவின் பிரம்பைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் என் கன்னத்தில் வெயில் அடித்தது. நான் உட்கார்ந்திருந்தது வலது பக்க ஜன்னல். காலை எட்டு மணிக்குத் தெற்கே போகிற வண்டியில் சூரியன் இடது பக்கம் இருக்க வேண்டும், மலை வலது பக்கம் வர வேண்டும். நான் பதுமனைத் தாண்டி இடது ஜன்னலைப் பார்த்தேன். மலை அங்கே இருந்தது. நம் ஊர்க்காரனுக்கு இதைவிடப் பெரிய வழிகாட்டி கிடையாது. மேற்கு மலை எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போகிற திசை தெரிந்துவிடும்.

“தம்பி, வண்டியை ஓரங்கட்டு. நாம வடக்கால போறோம்” என்றேன்.

நின்ற இடம் வாசுதேவநல்லூர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்திருந்தோம். தம்பி போனைக் காட்டினான். “சார், தென்மலைன்னுதான் சொன்னேன். இதுதான் முதல்ல வந்துச்சு. பக்கத்துலயும் இருக்கு.”

அவன் மேல் தப்புச் சொல்ல முடியாது. போன் என்ன செய்யும்? ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால், நிற்கிற இடத்துக்குக் கிட்டே இருப்பதை முதலில் காட்டுகிறது. சங்கரன்கோவிலில் நிற்கிறவனுக்குச் சிவகிரித் தென்மலைதான் பக்கம். சேர வேண்டிய ஊரோடு மாவட்டத்தையோ மாநிலத்தையோ சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு விளங்கும். நாங்கள் விலாசத்துக்குப் பின்கோடு கேட்ட மாதிரிதான்.

“திருப்பிருவோம் சார், அரை மணி நேரம்தான் போச்சு” என்றான் தம்பி.

நான் பதுமனைப் பார்த்தேன். அவன் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் நீலக்கோடு ஒன்று பெரிய ரோட்டை விட்டு விலகி உள்ளே போய் ஒரு புள்ளியில் முடிந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அத்தான் போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். எப்ப?” என்று கேட்டான்.

“ஆறு வருஷம் இருக்கும்.”

“அக்கா?”

“இருக்காங்க. போன தையில நம்ம கோயில்ல பார்த்ததா என் வீட்ல சொன்னா. கண்ணு சரியாத் தெரியலையாம்.”

ரோட்டோரத்தில் ஒரு லாரி போய் அடங்கும் வரை காத்திருந்தான். “நேராப் போ தம்பி” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் பயம்தான். முப்பது வருஷம் பேசாத வீட்டுக்கு, தகவல் கூட சொல்லாமல், பழம் கூட வாங்காமல் போய் நிற்கிறோம். மருமகன் வாசலிலேயே நிறுத்திவிட்டால் இவன் தாங்க மாட்டான். சிவகிரியில் வண்டியை நிறுத்தி ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் மிக்சரும் வாங்கினேன். அவன் இறங்கவே இல்லை.

தெருவைக் கேட்டுக்கேட்டுப் போனோம். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு. திண்ணை மட்டும் பழசு. அக்கா அதில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கார் நின்றதும் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். “யாரு?” என்றார். என்னைத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது, என் குரலை வைத்து. “சங்கரன்கோயில் தபாலாபீசு தம்பியா? வாய்யா, கூட யாரு?”

பதுமன் வாயைத் திறக்கவில்லை. அக்கா இன்னொரு தடவை, “யாருய்யா அது?” என்றார்.

“நான்தான்க்கா.”

கீரைத்தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். சினிமாவில் வருகிற மாதிரி கட்டிப்பிடித்து அழுகையெல்லாம் இல்லை. “உள்ள வா. வெயில்ல நிக்காத” என்றார். அவ்வளவுதான். மருமகன் தோட்டத்துக்குப் போயிருந்தான். அவன் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, யார் என்று தெரியாமல் அக்காவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அரை மணி நேரம் முட்டி வலி, கண் புரை, மழை என்று பேச்சு ஓடியது. திடீரென்று அக்கா கேட்டார், “கல்யாணம் முடிஞ்ச பெறவு எனக்கு எதுக்குய்யா பத்திரிகை அனுப்புன? வராதேன்னு சொல்லணும்னா அனுப்பாமலே இருந்திருக்கலாமே.”

பதுமனுக்கு முகம் சிவந்துவிட்டது. “முடிஞ்ச பெறவா? மூணு வாரம் முன்னால என் கையால போஸ்ட் பண்ணினேன். நீதான் வரல.”

“பொய் சொல்லாத.”

“நான் எதுக்குப் பொய் சொல்லணும்?”

மறுபடியும் 1994க்குப் போய்விடுமோ என்று எனக்குப் படபடப்பு வந்தது. “அக்கா, அந்தப் பத்திரிகை இருக்கா?” என்று கேட்டேன். இருக்காது என்றுதான் நினைத்தேன். அக்கா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு பழைய மஞ்சள் பையில் ரேஷன் கார்டு, பத்திர நகல், போட்டோக்களோடு அதுவும் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கவர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் கொண்டுபோனேன். இது என் தொழில்.

முதலில் தபால்தலை. அதன் மேல் பம்பாய்ப் பக்கத்து முத்திரை, 2005 ஆகஸ்ட் 11. கல்யாணம் செப்டம்பர் 5. ஆக, தம்பி சொன்னது சரி. கவர் ஒட்டப்படவில்லை, மடிப்பை உள்ளே செருகி ‘புக் போஸ்ட்’ என்று எழுதியிருந்தது. கட்டணம் குறைவு என்று எல்லோரும் அப்போது பத்திரிகையை அப்படித்தான் அனுப்புவார்கள். கடிதத்துக்கு இருக்கும் அவசரம் அதற்குக் கிடையாது.

அடுத்து விலாசம். ஆங்கிலத்தில் டைப் அடித்த சீட்டு ஒட்டியிருந்தது. அக்கா பெயர், அத்தான் பெயர், தெரு, ‘தென்மலா, வழி தென்காசி’. ஊர்ப் பெயரின் கடைசியில் வர வேண்டிய ‘ஐ’ எழுத்து இல்லை. சிவகிரி இல்லை. மாநிலம் இல்லை. பின்கோடு இல்லை. “லேபிள் யாருடே அடிச்சது?” என்று கேட்டேன். கட்டடத்துப் பையன்கள் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார்களாம். முந்நூறு பேருக்கு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்.

கவரின் பின்பக்கம் திருப்பினேன். வட்ட முத்திரை ஒன்று, கொஞ்சம் மங்கல். கண்ணாடியைத் தூக்கி, கிட்டே வைத்துப் பார்த்தால் கேரளத்துத் தென்மலை என்று ஊர்ப் பெயர் தெரிந்தது. தேதி ஆகஸ்ட் 22. பக்கத்தில் ‘மிஸ்சென்ட்’ என்று பேனாவால் எழுதியிருந்தது. தவறிப்போய் வந்த தபாலை அப்படிக் குறித்துத்தான் சரியான ஊருக்குத் திருப்பி விடுவோம். அதற்குக் கீழே இந்த ஊர்க் கிளை அஞ்சலகத்தின் முத்திரை, செப்டம்பர் 8.

ஒவ்வொன்றாக விரல் வைத்து அக்காவுக்குச் சொன்னேன். “பதினொண்ணாம் தேதி தம்பி போட்டிருக்கான். இருபத்திரண்டாம் தேதி அங்க போயிருக்கு. அங்க உள்ள போஸ்ட்மேன் உங்களைத் தேடியிருப்பார், தெரு பேரு ஒத்து வந்திருக்காது. பெறவு யாரோ புரிஞ்சவர் திருப்பி விட்டிருக்கார். கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாள் உங்க கைக்கு வந்திருக்கு.”

“இவ்வளவும் அதுல எழுதியிருக்கா?” என்றார் அக்கா.

“எழுதியிருக்கு.”

உள்ளே பத்திரிகையின் ஓரத்தில் பதுமன் கையெழுத்தில் இரண்டு வரி. புக் போஸ்டில் சொந்தக் கடிதம் எழுதக் கூடாது என்பது விதி. அதை நான் அப்போது சொல்லவில்லை. ‘அக்கா, பழசை விடு. நீ வந்து நின்னாத்தான் எனக்குக் கல்யாணம்.’ அக்கா அந்த வரியைப் பத்தொன்பது வருஷம் முன்பே படித்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு வந்ததால், அதுவும் நக்கல் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். இவனோ, இவ்வளவு எழுதியும் வராதவளுக்கு இனி என்ன என்று விட்டுவிட்டான்.

பதுமன் கவரை வாங்கி ரொம்ப நேரம் அந்த வட்டத்தைப் பார்த்தான். “நம்ம போகணும்னு இருந்த ஊருக்கு எனக்கு முன்னாலயே இது போயிட்டு வந்துட்டு” என்றான். அப்போதுதான் அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த முத்திரைகள் கல்யாண விஷயத்தைத்தான் தீர்த்தன. வீடு விற்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது. மத்தியானம் மருமகன் வந்தான். “வாங்க மாமா” என்றான், மரியாதைக்குத்தான். சாப்பிடும்போது எங்களோடு உட்காரவில்லை. அப்பாவைப் பற்றித் தப்பாகப் பேசியவர் என்கிற வருத்தம் அவனுக்கு இருக்கத்தான் செய்யும். பதுமனும் கிரயப் பேச்சை எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை. எடுத்தால் யாரிடமும் அதற்கு முத்திரை கிடையாது.

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டார் அக்கா. சாயந்தரம் மூவரும் திரிபுரநாதர் கோயிலுக்குப் போனோம். படியில் அக்காவின் கையைப் பதுமன் பிடித்துக்கொண்டான். அவனுக்கு முட்டி வலி, அவருக்குக் கண் தெரியாது. யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்ல முடியாது. தம்பியை வண்டியோடு அனுப்பிவிட்டு, கேரளத்து அறையைப் போனிலேயே ரத்து செய்தேன். முன்பணம் திரும்ப வராது என்றார்கள். போகட்டும்.

ஒரு நாள் என்று இருந்தது மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் மருமகன் அவனாகவே, “மாமா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணணும். கூட யாராவது இருந்தா ஒத்துக்கிடுவாங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க” என்றான். பதுமன் ஊருக்குப் போகிற டிக்கெட்டைத் தள்ளிப்போட்டான். அடுத்த வாரம் திருநெல்வேலியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. வார்டில் துணைக்கு இருந்தது அவன்தான். கட்டுப் பிரித்த அன்று அக்கா அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “என்னய்யா, இப்படிக் கிழடாயிட்ட.”

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் போனில் பேசுகிறார்கள். போன தீபாவளிக்கு அவன் டோம்பிவிலியிலிருந்து அக்காவுக்கு ஒரு சேலை பார்சல் அனுப்பினான். அனுப்புவதற்கு முன்னால் விலாசத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, சரியா என்று கேட்டான். தென்மலை, சிவகிரி வட்டம், தென்காசி மாவட்டம், தமிழ்நாடு, பின்கோடு எல்லாம் இருந்தது. நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் பதின்மூன்று கண் பாலத்தை இன்னும் பார்க்கவில்லை. வருகிற ஆனிக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். மற்றக் கண்ணுக்கும் அதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும்.